இந்தப் பேச்சுக்கு ஏன் இவர்? பேச்சாளர் குறிப்பில் இருக்க வேண்டிய அந்த ஒரு வரி

கேள்வி: போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில், எழுதுவதை நிறுத்தாமல் ஒரு பெரிய டேபிளுக்கு இன்டெக்ஸ் போடுவது எப்படி என்று ஒரு மாநாட்டில் பேச விண்ணப்பிக்கிறேன். போன முறை நிராகரித்துவிட்டார்கள். 'தலைப்பு நன்று, இதற்கு இவர் ஏன் என்று தெரியவில்லை' என்று மட்டும் குறிப்பு வந்தது. பேச்சாளர் பற்றிய கட்டத்தில் நான் கொடுத்தது இது: 'மென்பொருள் துறையில் 9 ஆண்டு அனுபவம் கொண்டவர். மூன்று கிளவுட் சான்றிதழ்கள் பெற்றவர். டேட்டாபேஸ், மைக்ரோசர்வீஸ், டெவ்ஆப்ஸ் ஆகியவற்றில் ஆர்வம் மிக்கவர். ஓய்வு நேரத்தில் மலையேறுவார்.' எங்கள் ஆர்டர் டேபிளில் 40 கோடி வரிசைகள் இருக்கின்றன. அதில் இருமுறை சொதப்பி, மூன்றாம் முறைதான் இன்டெக்ஸ் ஏறியது. அதையெல்லாம் எழுதினால் மதிப்புக் குறையாதா? என்னதான் எழுதுவது?

பதில்: அந்த இருமுறை சொதப்பிய கதையைத்தான் எழுத வேண்டும். உங்கள் கேள்வியில் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனீர்களே, அந்த ஒரு வாக்கியம் நீங்கள் அனுப்பிய நான்கு வரிகளையும்விட எடை கூடியது. நான் சில மாநாடுகளின் தேர்வுக்குழுவில் இருந்திருக்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் இது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன்.

முதலில் தலைப்பைப் படிப்போம், அப்புறம் சுருக்கம். சுருக்கத்தைப் படித்து முடிக்கும்போதே மனதில் ஒரு சந்தேகம் எழுந்திருக்கும். அந்தச் சந்தேகத்தோடுதான் பேச்சாளர் குறிப்புக்கு வருவோம். அதனால் அந்தக் கட்டம் 'நீங்கள் யார்' என்று கேட்பதுபோல் இருந்தாலும், அங்கே உண்மையில் கேட்கப்படுவது வேறு. சுருக்கம் கிளப்பிவிட்ட சந்தேகத்துக்கு அங்கே பதில் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறோம்.

உங்கள் தலைப்புக்கு என்ன சந்தேகம் வரும்? போஸ்ட்கிரெஸ் தெரிந்த எவருக்கும் இதற்கான கட்டளை தெரியும்.

```sql
CREATE INDEX CONCURRENTLY idx_orders_customer
  ON orders (customer_id);
```

சாதாரண `CREATE INDEX` டேபிளைப் படிக்க விடும், ஆனால் வேலை முடியும்வரை எழுத விடாது. `CONCURRENTLY` சேர்த்தால் எழுத்தும் தொடரும். இதற்கு விலையாக டேபிளை அது இருமுறை முழுக்கப் படிக்கிறது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய டிரான்ஸாக்ஷன்கள் முடியக் காத்திருக்கிறது. இதெல்லாம் ஆவணத்தில் இருப்பதுதான், படிக்கப் பத்து நிமிடம் போதும். ஆகவே தேர்வுக்குழுவில் உட்கார்ந்திருப்பவருக்கு வரும் சந்தேகம் இதுதான்: ஆவணத்தில் இருப்பதைத் தாண்டி இவரிடம் அரை மணி நேரத்துக்குச் சரக்கு இருக்கிறதா?

இந்தக் கேள்வியோடு உங்கள் பழைய குறிப்புக்கு வந்து பாருங்கள். 9 ஆண்டு அனுபவம் என்றால் எதில் 9 ஆண்டு என்று தெரியவில்லை. கிளவுட் சான்றிதழ்கள் இந்தத் தலைப்பைத் தொடவே இல்லை. 'டேட்டாபேஸ், மைக்ரோசர்வீஸ், டெவ்ஆப்ஸ்' என்ற வரிசை, டேட்டாபேஸை மூன்றில் ஒன்றாக இறக்கிவிட்டது. நீங்களே அதை இறக்கினால் படிப்பவர் எப்படி ஏற்றுவார்? மலையேற்றத்தைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை, இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் நான்கு வரியில் அதுதான் நினைவில் நிற்கிறது என்பது ஒரு பிரச்சினை. மொத்தத்தில் எழுதியதில் பொய் ஏதும் இல்லை, கேட்ட கேள்விக்குத்தான் பதில் வரவில்லை.

இதே தவறை நானும் செய்திருக்கிறேன். என் முதல் விண்ணப்பத்தில், வேலை செய்த இடத்தின் தளத்துக்காக எழுதி வைத்திருந்த குறிப்பை அப்படியே எடுத்து ஒட்டினேன். நிராகரித்தார்கள். பின்னால் அந்தக் குழுவில் இருந்த ஒருவரைச் சந்தித்தபோது, 'உங்க தலைப்பு பிடிச்சிருந்தது, ஆனா அதை நீங்க செஞ்சீங்களா, படிச்சீங்களானு தெரியலை' என்றார். அந்த இரண்டு சொற்களுக்கு நடுவே இருக்கும் வித்தியாசத்தைக் காட்டுவதுதான் இந்த வரியின் வேலை.

சரி, எப்படிக் காட்டுவது? குறிப்பை எழுத உட்காராதீர்கள். சுருக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் நீங்கள் 'தெரியும்' என்று உரிமை கொண்டாடும் வாக்கியத்தின் கீழ் கோடு போடுங்கள். உங்கள் விஷயத்தில் அது 'பெரிய டேபிளில், எழுத்து நிற்காமல், இதைப் பத்திரமாகச் செய்யலாம்' என்பதாக இருக்கும். பிறகு உங்களையே கேளுங்கள்: இது எனக்கு எந்த நாளில், எப்படித் தெரிய வந்தது? பதிலாக ஒரு சம்பவம் வரும். ஆண்டுக் கணக்கோ பட்டமோ வராது.

உங்கள் இரண்டு தோல்விகளும் என்னவென்று நீங்கள் சொல்லவில்லை. ஆனால் இந்த வேலையில் ஆட்கள் வழக்கமாக விழும் குழிகள் சிலவே. யாரோ ஒருவர் ஆரம்பித்த நீண்ட ரிப்போர்ட் குவெரி வேறு ஏதோ டேபிளில் மணிக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். இன்டெக்ஸ் வேலை கடைசிக் கட்டத்தில் அது முடியக் காத்துக் கிடக்கும். அதற்குள் `statement_timeout` வந்து இன்டெக்ஸ் வேலையைக் கொன்றுவிடும். கொன்றால் சுத்தமாகப் போகாது, செல்லாத இன்டெக்ஸ் ஒன்று டேபிளோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். அது எந்தக் குவெரிக்கும் உதவாது, ஆனால் ஒவ்வொரு எழுத்தின்போதும் அதைப் புதுப்பிக்கும் செலவு மட்டும் தொடரும். அடுத்த குழி, மைக்ரேஷன் கருவி எல்லாவற்றையும் ஒரே டிரான்ஸாக்ஷனுக்குள் சுற்றி அனுப்புவது. `CONCURRENTLY` டிரான்ஸாக்ஷன் பிளாக்குக்குள் ஓடவே ஓடாது, உடனே பிழை காட்டிவிடும்.

பேச்சுக்கு உங்களைத் தகுதியாக்குவது இந்த மாதிரி விவரம்தான். செல்லாத இன்டெக்ஸ் எஞ்சி நிற்கும் என்பது ஆவணத்திலும் இருக்கிறது. ஆனால் அது எஞ்சி நின்றதைக் கவனிக்காமல் சில நாட்கள் ஓட்டி, பிறகு `pg_index`-இல் `indisvalid` என்ற நெடுவரிசையைப் பார்த்து முகம் வெளுத்த அனுபவம் அங்கே இல்லை. அப்படிப்பட்ட ஒன்றை ஒரே வாக்கியத்தில் வைத்தால், துறை தெரிந்தவர் படித்ததும் 'ஓ, இவர் அங்கே போய்விட்டு வந்தவர்' என்று புரிந்துகொள்வார். துறை தெரியாதவருக்கும் கதை புரியும்: முயன்றார், தோற்றார், மீண்டும் முயன்றார்.

மதிப்புக் குறையாதா என்று கேட்டீர்கள். தோல்வி மட்டும் இருந்தால் குறையலாம். தோல்வி, காரணம், பிறகு சரியானது என்று மூன்றும் இருந்தால் குறையாது. அதுவும் உங்கள் தலைப்பே 'பத்திரமாகச் செய்வது' என்பதாக இருக்கும்போது, எது பத்திரமில்லை என்று தெரிந்தவரைத்தானே குழு தேடும்? ஒன்றைக் கவனியுங்கள். தலைப்புக்குச் சம்பந்தமில்லாத சொதப்பல் எதையும் இங்கே எழுத வேண்டாம். இது பாவமன்னிப்புக் கேட்கும் இடம் இல்லை.

இப்போது எழுதிப் பார்ப்போம். முதல் தோல்விக்குக் காரணம் நீண்ட ரிப்போர்ட், இரண்டாவதுக்கு மைக்ரேஷன் கருவி என்று வைத்துக்கொள்கிறேன். உங்களுடையது வேறாக இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். முதல் முயற்சி:

*"போஸ்ட்கிரெஸில் பெரிய டேபிள்களைக் கையாள்வதில் ஆழ்ந்த அனுபவம் பெற்றவர். 40 கோடி வரிசைகள் கொண்ட டேபிளில் இன்டெக்ஸ் சேர்க்கும் பணியில் முக்கியப் பங்காற்றியவர்."*

40 கோடி வந்துவிட்டது, நல்லது. ஆனால் 'ஆழ்ந்த அனுபவம்' என்பது உங்களைப் பற்றி நீங்களே கொடுக்கும் தீர்ப்பு. தீர்ப்பைப் படிப்பவர் சொல்லட்டும், நீங்கள் சாட்சியை மட்டும் வையுங்கள். 'முக்கியப் பங்காற்றியவர்' இன்னும் மோசம். பங்காற்றினார், ஈடுபட்டார், உறுதுணையாக இருந்தார் என்ற வினைச்சொற்கள் நம்மிடம் ஏராளம். அவற்றின் சௌகரியமே, என்ன செய்தார் என்று சொல்லாமல் தப்பிக்கலாம் என்பதுதான். கூட்டத்தில் உட்கார்ந்து தலையாட்டியவரும் பங்காற்றியவர்தான். கட்டளையை ஓட்டியவரா, திட்டத்தை எழுதியவரா, இரவில் அலாரம் அடித்தபோது எழுந்தவரா? அந்த வினைச்சொல்லைப் போடுங்கள். இரண்டாம் முயற்சி:

*"40 கோடி வரிசைகள் கொண்ட ஆர்டர் டேபிளுக்கு, ஆர்டர்களை நிறுத்தாமல் இன்டெக்ஸ் போட முயன்று இருமுறை தோற்றவர். முதல் முறை எங்கோ ஓடிய ஒரு ரிப்போர்ட், இரண்டாம் முறை மைக்ரேஷன் கருவி. செல்லாத இன்டெக்ஸைக் கண்டுபிடித்து நீக்கி, ஓடும் குவெரிகளை முன்கூட்டியே பார்த்து, மூன்றாம் முறை ஏற்றினார். அந்த அனுபவத்திலிருந்து, முன்கூட்டியே நீண்ட குவெரிகளைச் சரிபார்ப்பது எவ்வளவு அவசியம் என்பதை விளக்குவார்."*

உயிர் வந்துவிட்டது. ஆனால் பேச்சின் விடையும் இங்கேயே கொட்டிவிட்டது. கடைசி வாக்கியம் சுருக்கத்துக்குள் இருக்க வேண்டியது. பேச்சாளர் குறிப்பு சுருக்கத்தைத் திரும்பச் சொல்ல ஆரம்பித்தால் இரண்டு கட்டங்களும் ஒன்றாகிவிடும், உங்களுக்கு ஒரு கட்டம் நட்டம். மூன்றாவது:

*"தினமும் ஆர்டர்கள் வந்து விழும் 40 கோடி வரிசை டேபிள் ஒன்றைப் பராமரிக்கிறார். அதற்கு எழுத்தை நிறுத்தாமல் இன்டெக்ஸ் போடப் போய் இருமுறை தோற்றார், ஒருமுறை செல்லாத இன்டெக்ஸோடு. மூன்றாம் முறைக்கான திட்டத்தை எழுதி ஓட்டியவர் இவரே. 9 ஆண்டுகளாகப் பின்தளப் பொறியாளர்; மலையேறுவார்."*

பாருங்கள், 9 ஆண்டும் மலையும் அப்படியே இருக்கின்றன. இடம் மட்டும் மாறியிருக்கிறது. முதல் வாக்கியம் முக்கியம், ஏனென்றால் சில மாநாடுகளின் நிகழ்ச்சி நிரல் பக்கத்தில் பேச்சாளர் அட்டையில் முதல் வரிக்குப் பிறகு வெட்டிவிடுவார்கள், மீதியைச் சொடுக்கினால்தான் தெரியும். மேடையில் உங்களை அறிமுகப்படுத்துபவரும் பெரும்பாலும் இதைத்தான் வாய்விட்டு வாசிப்பார். படர்க்கையில் எழுதச் சொல்வது அதற்காகத்தான். 'நான்' என்று எழுதியிருந்தால் அவர் வாசிக்கும்போது தடுமாறுவார். அனுப்பும் முன் நீங்களே ஒருமுறை சத்தமாக வாசித்துப் பாருங்கள். மூச்சு வாங்கினால் வாக்கியம் நீளம்.

'இவரே' என்பதில் ஒரு எச்சரிக்கை. குழுவாகச் செய்த வேலை என்றால், உங்கள் கையில் இருந்த துண்டைத் துல்லியமாகச் சொல்லுங்கள். 'நான்கு பேர் குழுவில் மூன்றாம் முறைக்கான திட்டத்தை எழுதியவர்' என்றால் யாரும் உங்களைக் குறைவாக எடைபோட மாட்டார்கள். மாறாக, எல்லாம் தானே செய்ததாக எழுதிவிட்டு, கேள்வி நேரத்தில் 'அந்த டைம்அவுட்டை எவ்வளவுக்கு வைத்தீர்கள்?' என்று ஒருவர் கேட்கும்போது 'அது இன்னொருவர் பார்த்தது' என்று சொன்னால் அரங்கம் கவனிக்கும்.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. 40 கோடி இங்கே வேலை செய்கிறது, ஏனென்றால் டேபிள் சிறியதாக இருந்தால் இந்தப் பிரச்சினையே வராது. சில நொடிகள் பூட்டினால் யாருக்கும் தெரியாது. எண் பிரச்சினையின் கடினத்தைக் காட்டுகிறது. 9 ஆண்டு அப்படி எதையும் காட்டவில்லை, அதனால் கடைசிக்குப் போனது. உங்கள் குறிப்பில் வரும் ஒவ்வொரு எண்ணையும் இப்படிக் கேளுங்கள்: இது பாதியாக இருந்திருந்தால் பேச்சு மாறுமா? மாறாது என்றால் அது அலங்காரம்.

வேலை செய்யும் இடத்தின் அனுமதி வேறு கதை. டேபிளின் அளவு சில இடங்களில் ரகசியம். இன்டெக்ஸ் தோற்ற கதை வெளியே வருவதையும் சிலர் விரும்ப மாட்டார்கள். விண்ணப்பிக்கும் முன் கேட்டுவிடுங்கள், தேர்வான பிறகு அல்ல. எண்ணைச் சொல்லக் கூடாது என்றால் 'பல கோடி வரிசைகள்' போதும். நிறுவனத்தின் பெயரே வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். 'ஆர்டர்கள் வந்து விழும் டேபிள்' என்பது பெயரைவிட அதிகம் சொல்கிறது.

இன்னொரு சிக்கலில்தான் பலர் வழுக்குகிறார்கள். சில மாநாடுகளில் முதல் சுற்றில் பெயர் மறைத்து மதிப்பிடுவார்கள். பேச்சாளர் குறிப்பு குழுவின் கண்ணுக்கே வராது. உங்களுக்கு 'இவர் ஏன்' என்ற கருத்து வந்திருப்பதால், போன முறை அப்படியா இல்லையா என்பதை விண்ணப்ப விதிகளில் பாருங்கள். மறைத்திருந்தால், சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுத்தான் அந்தக் கேள்வி எழுந்திருக்கிறது. அப்போது குறிப்பை எவ்வளவு மெருகேற்றினாலும் பயனில்லை. அந்தச் சம்பவம் சுருக்கத்துக்குள் போக வேண்டும், பெயரும் நிறுவனமும் இல்லாமல்: 'நாங்கள் பராமரிக்கும் 40 கோடி வரிசை டேபிளில் இது இருமுறை தோற்றது. ஏன் என்பதிலிருந்து தொடங்குவேன்.' அங்கே தன்மையில் எழுதலாம். பெயரையோ அடையாளம் தெரியும்படி வேறு எதையுமோ சுருக்கத்தில் நுழைத்தால் சில குழுக்கள் திருத்தித் தரச் சொல்லும், சில அப்படியே ஒதுக்கிவிடும்.

விண்ணப்பப் படிவத்தில் 'குழுவுக்கு மட்டும்' என்று ஒரு கட்டம் இருந்தால் அதைக் காலியாக விடாதீர்கள். பொதுவில் வராத இடம் அது. பொதுக் குறிப்பில் சொல்ல முடியாத விவரங்களை அங்கே வைக்கலாம்: எந்தத் தோல்வி எதனால், பேச்சில் அதை எத்தனை நிமிடம் காட்டுவீர்கள், உங்கள் அலுவலகம் அனுமதித்துவிட்டது, முன்பு குழுவுக்குள் இதைப் பேசிக் காட்டியிருக்கிறீர்கள் என்றால் அதுவும். பெயர் மறைத்த சுற்றில் இந்தக் கட்டம் குழுவுக்குத் தெரியுமா என்பது மாநாட்டுக்கு மாநாடு மாறும். சந்தேகம் இருந்தால் ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள், தவறாக நினைக்க மாட்டார்கள்.

எழுதி முடித்ததும் நான் செய்யும் சோதனை ஒன்று உண்டு. தலைப்பை மறைத்துவிட்டு, குறிப்பை மட்டும் உடன் வேலை செய்யும் ஒருவரிடம் காட்டி, 'இவர் எதைப் பற்றிப் பேசப்போகிறார்?' என்று கேட்பேன். உங்கள் பழைய குறிப்பைக் காட்டினால் கிளவுட் என்பார், டெவ்ஆப்ஸ் என்பார், எதுவும் சொல்வார். மூன்றாவதைக் காட்டினால் இன்டெக்ஸ் என்பார். அதே குறிப்பை வேறொரு விண்ணப்பத்துக்கு எடுத்து ஒட்டிப் பாருங்கள், கோட் ரிவ்யூ பற்றிய பேச்சு என்று வைத்துக்கொள்வோம். அங்கே உறுத்தினால் சரியாக எழுதியிருக்கிறீர்கள். இதற்கு ஒரு நடைமுறைத் தொந்தரவு உண்டு. விண்ணப்பத் தளங்களில் பேச்சாளர் விவரத்தை ஒருமுறை பதிந்தால் அடுத்த விண்ணப்பத்துக்கும் அதுவே வந்து நிற்கும். ஒரே மாநாட்டுக்கு இரண்டு தலைப்புகள் அனுப்பினால் இரண்டுக்கும் ஒரே குறிப்புதான் கிடைக்கும் இடங்களும் உண்டு. அப்படி என்றால் குறிப்பில் இரண்டு சம்பவங்களுக்கும் ஒவ்வொரு வரி கொடுங்கள், அல்லது பொருத்தத்தை அந்தந்தச் சுருக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.

கடைசியாக, இதைப் படிக்கும் வேறு யாருக்காவது 40 கோடி டேபிள் இல்லையென்றால்: பொருத்தம் பெரிய அளவால் மட்டும் வருவதில்லை. போன மாதம்தான் முதன்முறையாக ஒன்றைக் கற்றவர், கற்றபோது தடுமாறிய இடங்களைக் குறித்து வைத்திருந்தால், தொடக்கநிலைப் பேச்சுக்கு அவர்தான் பொருத்தம், ஏனென்றால் நிபுணர் அந்த இடங்களை மறந்திருப்பார். அப்போது வரி இப்படி இருக்கும்: 'இந்த ஆண்டுதான் போஸ்ட்கிரெஸுக்கு வந்தவர், முதல் மூன்று மாதங்களில் புரியாமல் நின்ற இடங்களை நாட்குறிப்பாக எழுதி வைத்திருக்கிறார்.' அந்த நாட்குறிப்பு உண்மையிலேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் இரண்டு தோல்விகளும் உண்மையில் எதனால் என்று தேடிப் பார்த்து, மேலே இருக்கும் மூன்றாவது குறிப்பில் மாற்ற வேண்டியதை மாற்றுங்கள். பழைய லாக் இன்னும் இருந்தால் தேதியைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். நினைவு இந்த மாதிரி விஷயங்களில் இரண்டாம் முறையை முதல் முறையோடு கலந்துவிடும்.